வங்கி பி.ஓ. நேர்முகம்: காத்திருக்கும் அறையும் முதல் ஐந்து நிமிடமும்

ஏலமலை_பெண்

எல்லோருக்கும் வணக்கம். ஐ.பி.பி.எஸ். பி.ஓ. முதன்மைத் தேர்வில் தேறி நேர்முகத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. சென்னையில், காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வங்கி பற்றிய கேள்விகளுக்கு ஓரளவு படித்துவிட்டேன், அதில் பயம் இல்லை. எனக்குப் பயமெல்லாம் அதற்கு முன்னால் நடப்பதில்தான். மூன்று நான்கு மணி நேரம் உட்கார வைப்பார்களாம், அங்கே எப்படி இருக்க வேண்டும், உள்ளே போனதும் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது, எப்போது உட்காருவது, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது. போன வருடம் ஒரு தனியார் கம்பெனி நேர்முகத்தில் முதல் வாக்கியத்திலேயே குரல் கரகரத்து நின்றுவிட்டது, அதன்பின் கடைசிவரை சமாளிக்கவே முடியவில்லை. அதனால்தான் கேட்கிறேன். பி.ஓ. பேனலுக்குப் போய்வந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

வெற்றிப்பாதை_மதுரை

வாழ்த்துகள் தங்கச்சி. நான் பயிற்சி மையத்தில் நேர்முக வகுப்பு எடுக்கிறவன், என் மாணவர்களுக்குச் சொல்வதை அப்படியே சொல்கிறேன். காத்திருக்கும் அறையில் கேமரா இருக்கும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தை உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் முதுகு நேராக, காலை ஆட்டாமல், யாரோடும் பேசாமல் இருங்கள். கதவைத் தட்டி அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பேனலில் பெண் உறுப்பினர் இருந்தால் முதலில் அவருக்கு, பிறகு தலைவருக்கு, பிறகு மற்றவர்களுக்கு என்று தனித்தனியாக வணக்கம் சொல்ல வேண்டும். சுயஅறிமுகத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கே இல்லை. எழுந்து நின்று, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

நாமக்கல்_தம்பி

நேர்முகத்துக்கு மொத்தமே 20 மார்க்தானே? இதற்கு இவ்வளவு கவலை தேவையா? மெயின்ஸில் நல்ல மார்க் இருந்தால் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதும் என்று என் அறைத் தோழன் சொன்னான்.

கிளை_மேலாளர்_ஓய்வு

பொதுத்துறை வங்கி ஒன்றில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசிச் சில வருடங்களில் பி.ஓ. நேர்முகப் பேனல்களில் உட்கார்ந்திருக்கிறேன், அதற்கும் முன்னால் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையிலும் இருந்திருக்கிறேன். அதனால் கதவின் இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில் நாமக்கல் தம்பிக்கு. நேர்முகம் 100 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. இறுதிப் பட்டியல் போடும்போது முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்று சுருக்குகிறார்கள். நேர்முகத்தில் 10 மதிப்பெண் கூடினால் இறுதியில் 2 புள்ளி கூடும். சின்னதாகத் தெரியும், ஆனால் பட்டியலில் அரைப் புள்ளிக்குள் நிறையப் பேர் நெருக்கியடித்து நிற்கும்போது 2 புள்ளி என்பது வேலையா இல்லையா, எந்த வங்கி என்பதையே மாற்றிவிடும். அதோடு நேர்முகத்தில் குறைந்தது 40 எடுக்க வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 35). அதற்குக் கீழே போனால் மெயின்ஸ் மார்க் எவ்வளவு இருந்தாலும் பட்டியலிலேயே பெயர் வராது. உங்கள் தோழன் சொன்னதை நம்பிப் போய் உட்காராதீர்கள்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு. நான் இருந்த எந்தப் பேனலிலும் காத்திருக்கும் அறையை யாரும் உள்ளிருந்து பார்க்கவில்லை. எங்களுக்கு அதற்கு நேரமே கிடையாது. ஒருவர் எழுந்து வெளியே போனதும் அவருக்கு மதிப்பெண் போடுவோம், ஒரு வாய் தண்ணீர் குடிப்போம், அடுத்தவரின் விவரப் படிவத்தை ஒரு நிமிடம் புரட்டுவோம், மணி அடிப்போம். அவ்வளவுதான். கட்டடத்தில் கேமரா இருக்கும், அது காவலாளிக்காக. நீங்கள் காலை ஆட்டினீர்களா என்பதற்கு மார்க் கிடையாது அம்மா, தாராளமாகக் காலை நீட்டி உட்காருங்கள்.

ஆனால் காத்திருக்கும் நேரத்தில் வேறு ஒன்று நடக்கிறது, அதுதான் சான்றிதழ் மேசை. பெரும்பாலும் நேர்முகத்துக்கு முன்னால் அங்கேதான் போவீர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதிகமாகச் சிக்குவது இரண்டு இடத்தில். ஒன்று இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து இனிஷியல் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பட்டத்தில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். இன்னொன்று ஓ.பி.சி. சான்றிதழ். நம் ஊரில் கொடுக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இங்கே கேட்பது மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்ற வாசகத்தோடு, அறிவிப்பில் சொன்ன தேதிக் கணக்குக்குள் வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ். அதைக் கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது, இப்போதே இ-சேவையில் போடுங்கள்.

இதை ஏன் முதல் ஐந்து நிமிடத்தோடு சேர்த்துச் சொல்கிறேன் என்றால், நான் மேசையில் இருந்த வருடம் ஒரு பையன், நல்ல பையன், இனிஷியல் விஷயத்தில் என்னோடு இருபது நிமிடம் வாதாடினான். முகம் சிவந்து, கை நடுங்கிக்கொண்டு. நான் உள்ளே எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவன் அந்த நடுக்கத்தோடேயே உள்ளே போனான். பேனலில் இருந்த நண்பர் மத்தியானம் சாப்பிடும்போது, "அந்தப் பையன் எங்கள் மேலேயே கோபமாக இருந்த மாதிரி பேசினான்" என்றார். காத்திருக்கும் அறை உங்களைப் பாதிப்பது இப்படித்தான். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி கோப்பில் மேலாக வையுங்கள், கேட்டால் நீட்டுங்கள், அதன்மேல் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

ஹோசூர்_கேட்2

நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பொறியாளர், ஏழெட்டு நேர்முகம் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் கதை வேறு. ஹெச்.ஆர். ஆளே வரவேற்பறைக்கு வந்து கை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவார். கேட்டிலிருந்து அந்த அறைவரை நடக்கும் நாலு நிமிடம்தான் உண்மையான நேர்முகம். "ஷிஃப்டுக்கு வர முடியுமா, எங்கே தங்குவீர்கள், இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்" எல்லாம் நடந்துகொண்டே சாதாரணமாகக் கேட்டுவிடுவார்கள். நான் ஒரு தடவை அந்த நடையில் சம்பளத்தை உளறிவிட்டு, உள்ளே போய் அதைவிட நாலாயிரம் கூட்டிக் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே கதவருகில் சொன்னதை ஞாபகப்படுத்தினார். அதனால் முதலில் கை நீட்டுங்கள், தைரியமாக நீட்டுங்கள், அதுதான் என் அறிவுரை.

கிளை_மேலாளர்_ஓய்வு

ஹோசூர் தம்பி சொல்வது அவர் இடத்துக்குச் சரி. வங்கிப் பேனலில் நீங்களாகக் கை நீட்ட வேண்டாம். நாலைந்து பேர் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்போம், எழுந்து எட்டிக் கை கொடுப்பது எங்களுக்கே சங்கடம்.

வணக்கம் பற்றி. பெண்ணுக்கு முதலில், தலைவருக்கு இரண்டாவது என்று வரிசை போட்டுச் சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நாலு பேருக்கும் தலையைத் திருப்பித் திருப்பி நாலு தடவை சொல்லி முடிப்பதற்குள், முதலாமவர் பதிலுக்குச் சொல்லிவிட்டுக் காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்திருப்பார். ஒரே ஒரு தடவை, எல்லோருக்கும் சேர்த்து, நடுவில் இருப்பவரைப் பார்த்து ஆரம்பித்து மற்றவர்கள் மேல் பார்வை போகிற மாதிரி சொன்னால் போதும். எங்கே நின்று சொல்கிறீர்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டே, பாதி முதுகைக் காட்டியபடி சொல்கிறார்கள், அது எங்கள் காதில் விழுவதே இல்லை. கதவைச் சாத்துங்கள், நாலு எட்டு நடந்து நாற்காலி பக்கத்தில் வந்து நில்லுங்கள், அப்புறம் சொல்லுங்கள். அந்த நாலு எட்டில் மூச்சும் சீராகிவிடும்.

இன்னொன்று, மணி பார்த்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்கு வந்தவர்களை மத்தியானம் ஒரு மணிக்குக் கூப்பிடுவது சாதாரணம். காலையிலிருந்து மனப்பாடம் செய்த "குட் மார்னிங்" அப்போதும் வந்துவிடும். எங்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், பிள்ளைக்கு முகம் வாடிவிடும். தப்பு ஒன்றும் பெரிசில்லை, ஆனால் அந்த வாட்டம் அடுத்த இரண்டு பதிலில் தெரியும். எழுந்து உள்ளே போகும்போது சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பாருங்கள்.

உட்காரச் சொன்னால் உட்காருங்கள். சொல்ல மறந்துவிடுவோம், சில சமயம் படிவத்தில் ஆழ்ந்திருப்போம். நாலைந்து வினாடி நின்று பார்த்துவிட்டு "உட்காரலாமா சார்" என்று கேட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நாற்காலியை இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள், கோப்பை மடியில் வையுங்கள், எங்கள் மேசையில் வேண்டாம்.

வெற்றிப்பாதை_மதுரை

சார், கேமரா விஷயத்தில் உங்கள் அனுபவத்தை ஏற்றுக்கொள்கிறேன், எங்களுக்கும் அது மாணவர்கள் சொல்லித் தெரிந்ததுதான். ஆனால் பெண் உறுப்பினருக்குத் தனியாகச் சொல்வதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "குட் மார்னிங் சார்ஸ்" என்று பொதுவாகச் சொல்லி, அங்கே இருந்த அம்மா "நானும் இருக்கிறேன்" என்று சொன்னதை என் மாணவியே வந்து சொல்லியிருக்கிறாள்.

கிளை_மேலாளர்_ஓய்வு

அதில் நியாயம் இருக்கிறது. "சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "குட் மார்னிங் மேடம், குட் மார்னிங் சார்ஸ்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். அதற்குமேல் பிரிக்க வேண்டாம்.

ஏலமலை_பெண்

சார், இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு ரொம்ப நன்றி. ஓ.பி.சி. சான்றிதழ் இருக்கிறது, இனிஷியல் பிரச்சினையும் எனக்கு இருக்கிறது, நாளைக்கே நோட்டரியிடம் போகிறேன்.

என் சுயஅறிமுகத்தை இங்கே போடுகிறேன், ஆங்கிலத்தில்தான் சொல்வேன், இங்கே தமிழில்: "என் பெயர் இன்னது, போடிநாயக்கனூரிலிருந்து வருகிறேன். 2021-இல் பி.இ. மின்னணுவியல் 78 சதவீதத்தோடு முடித்தேன். அப்பா தனியார் வேலை, அம்மா இல்லத்தரசி, ஒரு தம்பி. என் பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது. என் பலம் கடின உழைப்பு, பலவீனம் எல்லோரையும் சீக்கிரம் நம்பிவிடுவது. வங்கியில் சேர்ந்து நாட்டுக்குச் சேவை செய்வது என் லட்சியம்."

சுங்கச்சாவடி_குமார்

குரூப் 4-க்கும் சான்றிதழ் சரிபார்ப்பில் இப்படி சுயஅறிமுகம் கேட்பார்களா? எனக்கு அடுத்த மாதம் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமா?

நாமக்கல்_தம்பி

குமார் அண்ணா, குரூப் 4-க்கு நேர்முகமே கிடையாது, எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு அவ்வளவுதான். பயப்படாதீர்கள்.

கிளை_மேலாளர்_ஓய்வு

அம்மா, உங்கள் அறிமுகத்தைப் பேனலில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி கேட்டேன். பெயர், ஊர், படிப்பு, வருடம், சதவீதம் எல்லாம் எங்கள் கையில் இருக்கும் படிவத்தில், ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் படித்தோம். அப்பா வேலைகூட அதில் இருக்கும். ஆக முதல் இருபது வினாடி எங்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் கொடுத்த புது விஷயங்கள் மூன்று: புத்தகம், பாட்டு, எல்லோரையும் நம்புவது. எங்கள் வேலை நீங்கள் சொன்னதிலிருந்து அடுத்த கேள்வியை எடுப்பது. "கடைசியாகப் படித்த புத்தகம் எது, அதில் என்ன பிடித்தது" என்பேன். பக்கத்தில் இருப்பவர், "எல்லோரையும் நம்புவீர்கள் என்றால் போலி நகையை அடமானத்துக்குக் கொண்டுவருகிறவரையும் நம்பிவிடுவீர்களா" என்பார். அதில் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் போய்விடும். நீங்கள் எதில் கெட்டிக்காரர் என்பது எங்களுக்குத் தெரியவே வராது.

சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் "இதிலிருந்து மூன்று கேள்வி வந்தால் எனக்குப் பதில் இருக்கிறதா" என்று தட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

இப்போது நான் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். 2021-இல் படிப்பு முடிந்து இதுவரை என்ன செய்தீர்கள்? "தனியார் வேலை" என்றால் அப்பா என்ன வேலை?

ஏலமலை_பெண்

2021 முடித்து சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இரண்டு வருடம் இருந்தேன். இரவு ஷிஃப்ட். விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பி.ஓ.வுக்குப் படித்தேன். அதைச் சொன்னால் வேலையை விட்டவள் என்று நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

அப்பா போடியில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார், 22 வருடமாக. மலையிலிருந்து வரும் காயைச் சல்லடையில் போட்டுப் பிரிப்பார்கள், 8 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும் காய்க்கு விலை கூடுதல். சின்ன வயதில் பள்ளி விட்டு அங்கேதான் போய் உட்காருவேன், அப்பாவின் நோட்டில் கூட்டல் போட்டுக் கொடுப்பேன். சின்னத் தோட்டக்காரர்கள் காயை ஏலத்துக்குப் போட்டுவிட்டு, பணம் கைக்கு வருகிறவரை ஆள்கூலி கொடுக்க முடியாமல் கடையில் முன்பணம் கேட்டு நிற்பார்கள். அந்த முன்பணத்துக்காகவே விலை கம்மியாக இருக்கும்போதும் விற்றுவிடுவார்கள். ஆனால் இதெல்லாம் நேர்முகத்தில் சொல்கிற விஷயமா சார்?

கிளை_மேலாளர்_ஓய்வு

இதைத்தான் சொல்ல வேண்டும் அம்மா! நேர்முகத்துக்கு வருகிற நூறு பேரில் கடின உழைப்பை எல்லோரும் சொல்வார்கள், 8 மில்லிமீட்டர் காயை நீங்கள் ஒருவர்தான் சொல்வீர்கள். அதைவிட, விளைச்சலைக் கையில் வைத்துக்கொண்டே பணத்துக்காக அவசரப்பட்டு விற்கும் விவசாயி என்பது கிராமக் கிளையில் தினமும் கவுண்டருக்கு வந்து நிற்கிற ஆள். அவருக்கு வங்கி என்ன செய்யும் என்று அடுத்த கேள்வி வரும், வரவேண்டும். அதற்குத் தயாராக இருங்கள்: கிசான் கடன் அட்டை, 3 லட்சம் வரைக்குமான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம், 2025 ஜனவரியிலிருந்து அடமானம் இல்லாத வரம்பு 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சம் ஆனது. அப்புறம் கிடங்கில் வைத்த சரக்கின் ரசீதின்மேல் கடன். இந்த இரண்டை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டு போங்கள்.

வேலையை விட்டதை மறைக்காதீர்கள், படிவத்தில் வருடங்களைப் பார்த்தாலே இடைவெளி தெரியும். முதலில் கேட்கப்போவதே அதுதான். நீங்களே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அது சாதாரணச் செய்தியாகப் போய்விடும், நாங்கள் தோண்டி எடுத்தால் எதையோ மறைத்த மாதிரி ஆகிவிடும்.

இப்படி வைத்துப் பாருங்கள்: "நான் போடிநாயக்கனூரில் வளர்ந்தவள். அப்பா 22 வருடமாக ஏலக்காய்க் கடையில் கணக்கர், சிறுவயதிலிருந்தே அந்தக் கணக்கு நோட்டைப் பார்த்து வளர்ந்தேன். மின்னணுவியல் படித்து, வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன், கோபமாகப் பேசுகிறவரிடம் பொறுமையாக விவரம் கேட்டு வாங்குவதை அங்கே பழகினேன். பி.ஓ. தேர்வுக்கு முழுநேரமாகப் படிக்க அந்த வேலையை விட்டேன். எங்கள் ஊரில் சிறு விவசாயிகள் கூலி கொடுக்கப் பணம் இல்லாமல் காயைக் குறைந்த விலைக்கு விற்பதைப் பார்த்திருக்கிறேன், கடன் சரியான நேரத்தில் கிடைத்தால் அது மாறும் என்று நினைக்கிறேன், அதனால்தான் வங்கிக்கு வருகிறேன்." இவ்வளவுதான். கடைசி வாக்கியம் எங்கே நிற்கிறதோ அடுத்த கேள்வி பெரும்பாலும் அங்கிருந்து வரும், அதனால் உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். கைப்பேசியில் நேரம் வைத்துப் பாருங்கள், ஒண்ணேகால் நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வார்த்தைகளை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள், நான் எழுதியதை மனப்பாடம் செய்தால் அது என் குரலில்தான் கேட்கும்.

நடுவில் யாராவது குறுக்கிட்டால் உடனே நிறுத்துங்கள். குறுக்கிட்டார்கள் என்றால் பிடித்துப்போய்க் கேட்கிறார்கள் என்று அர்த்தம். பல பிள்ளைகள் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஒப்பிக்க ஆரம்பிப்பார்கள், அதைச் செய்யாதீர்கள்.

நிதானமாக_ஒருவன்

எனக்கும் இதே நேர்முகம், எனக்கு நாள் இன்னும் இருக்கிறது. எனக்குத் திக்குவாய். பேச ஆரம்பித்து ஓட்டம் பிடித்துவிட்டால் பரவாயில்லை, முதல் வார்த்தைதான் வராது, அதிலும் என் பெயரின் முதல் எழுத்து. "குட் மார்னிங்" சொல்வதற்குள் பத்து வினாடி போய்விடும். முதல் ஐந்து நிமிடம் என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உள்ளே போனதும் முதலிலேயே சொல்லிவிடலாமா?

வெற்றிப்பாதை_மதுரை

சொல்லாதீர்கள் தம்பி. நீங்களே குறையைச் சொன்னால் அதைத்தான் கவனிப்பார்கள். மெதுவாகப் பேசினால் யாருக்கும் தெரியாது.

கிளை_மேலாளர்_ஓய்வு

இதில் எனக்கு வேறு அபிப்பிராயம். என் பேனலில் ஒரு பையன் உட்கார்ந்ததும், "சார், எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்" என்றான். தலைவர் "எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்" என்றார், அதற்குப் பிறகு நாங்கள் அனைவருமே மெதுவாகக் கேட்டோம். அதே வருடம் இன்னொருவர் சொல்லவில்லை, பதில் தெரியாமல் திணறுகிறார் என்று நினைத்து நாங்கள் அடுத்த கேள்விக்குப் போய்க்கொண்டே இருந்தோம், பாதியில்தான் புரிந்தது. ஆனால் எல்லாப் பேனலும் அப்படி இருக்கும் என்று நான் உறுதி தர முடியாது. வணக்கத்தைத் தலை அசைத்துச் சொல்லலாம், அதற்குக் குரல் கட்டாயம் இல்லை.

ஹோசூர்_கேட்2

என் தங்கைக்கும் திக்கும். அவள் முதலிலேயே சொல்வதில்லை, முதல் தடவை நிற்கும்போது மட்டும் "ஒரு நிமிடம்" என்று விரலைக் காட்டுவாள். அவளுக்கு அது ஒத்துவருகிறது. இதை அவரவர்தான் முடிவுசெய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏலமலை_பெண்

போய்விட்டு வந்துவிட்டேன். சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

9 மணிக்குப் போனேன், பையையும் கைப்பேசியையும் வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள். சான்றிதழ் மேசையில் இனிஷியலைக் கேட்டார்கள், பிரமாணப் பத்திரத்தை நீட்டினேன், ஒரு நகல் வாங்கிக்கொண்டார்கள், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் காத்திருப்பு. உள்ளே போய்வந்த ஒவ்வொருவரையும் சுற்றி நின்று "என்ன கேட்டார்கள், என்ன கேட்டார்கள்" என்று எல்லோரும் மொய்த்தார்கள். முதல் இரண்டு பேர் சொன்னதை நானும் கேட்டேன், ஒருவரிடம் பண வீக்கம், ஒருவரிடம் அவர் பெயருக்கு அர்த்தம். கேட்டதும் என் அறிமுகத்தை மாற்றலாமா என்று மனசு அலைய ஆரம்பித்துவிட்டது. அப்புறம் எழுந்து ஜன்னல் பக்கம் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் திருநெல்வேலிக்கார அக்கா ஒருவர், அவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்தேன், அது ரொம்ப உதவியது. போன தடவை மூன்று மணி நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்துதான் குரல் கரகரத்தது என்று இப்போதுதான் புரிகிறது.

12.50-க்குக் கூப்பிட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். நாற்காலி பக்கத்தில் போய் நின்று, "குட் ஆஃப்டர்நூன் மேடம், குட் ஆஃப்டர்நூன் சார்ஸ்" என்றேன், குரல் தெளிவாக வந்தது. உட்காரச் சொன்னார்கள். நடுவில் இருந்தவர் "எப்படி வந்தீர்கள்" என்றார். ரயிலில் என்றேன். "போடிக்கு ரயில் இருக்கிறதா" என்று கேட்டார். 2010 முடிவில் அகலப் பாதை வேலைக்காக நிறுத்தினார்கள், 2022-இல் தேனி வரை வந்தது, 2023 ஜூனில் போடிக்கு வந்தது, பன்னிரண்டு வருடம் கழித்து என்று சொன்னேன். நான் தயார் செய்யாத பதில், ஆனால் எங்கள் ஊர் விஷயம் என்பதால் தானாக வந்தது.

அப்புறம் அறிமுகம். கணக்கு நோட்டு என்று சொல்லும்போதே ஓரத்தில் இருந்த சார் நிறுத்தி, "ஏலக்காயை எப்படித் தரம் பிரிப்பார்கள்" என்றார். சல்லடை, 8 மில்லிமீட்டர், நிறம் எல்லாம் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார். மேடம் வேலையை ஏன் விட்டீர்கள் என்றார், சொன்னேன், அதற்குமேல் தோண்டவில்லை. அறிமுகத்தின் கடைசி வாக்கியத்தைச் சொல்ல வாய்ப்பே வரவில்லை, ஆனால் விவசாயி காயை அவசரமாக விற்கும் கதைக்கு அவர்களே வந்துவிட்டார்கள். கிசான் கடன் அட்டை சொன்னேன். கிடங்கு ரசீதுக் கடன் சொன்னேன். அந்தக் கிடங்குகளை யார் ஒழுங்குபடுத்துகிறார்கள் என்று கேட்டார்கள், தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நானாகக் கொண்டுபோன விஷயத்தில் தெரியவில்லை என்று சொன்னது மார்க்கைக் குறைக்குமா சார்?

கிளை_மேலாளர்_ஓய்வு

கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை ஆணையம், 2007 சட்டத்தின் கீழ் வந்தது. நான்தான் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், கடனோடு நிறுத்திவிட்டேன். குறைக்குமா என்றால் பேனலைப் பொறுத்தது. நானாக இருந்தால் சல்லடைக்குக் கொடுத்த மதிப்பெண்ணை இதற்காகத் திரும்ப எடுக்க மாட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்த சிலர் எடுத்திருப்பார்கள்.

நிதானமாக_ஒருவன்

அக்கா, ஜன்னல் பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருந்ததைப் படித்தேன். எனக்கு அறிமுகம் இல்லாதவரோடு பேசுவதுதான் கஷ்டம், அதனால் என் நண்பனை வாசல்வரை கூட்டிப்போகிறேன், உள்ளே போகிறவரை அவனோடு பேசிக்கொண்டிருப்பேன். எனக்கு அடுத்த புதன்கிழமை. மேலாளர் சார், ஒன்று மட்டும் கேட்கிறேன், திக்குவதை சான்றிதழ் மேசையில் இருப்பவரிடம் சொன்னால் அவர் உள்ளே சொல்லிவிடுவாரா, இல்லை நானேதான் சொல்ல வேண்டுமா?

கிளை_மேலாளர்_ஓய்வு

மேசையில் இருப்பவர் சொல்லுவார் என்று நம்பி இருக்காதீர்கள் தம்பி, அவர் காகிதங்களை மட்டும்தான் உள்ளே அனுப்புவார். ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் ஒரே வரி எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வாய் வந்தால் வாயால் சொல்லுங்கள், வரவில்லையென்றால் தலைவரிடம் நீட்டுங்கள். இதுவரை யாரும் அப்படி நீட்டி நான் பார்த்ததில்லை, ஆனால் என்னிடம் நீட்டியிருந்தால் வாங்கிப் படித்துவிட்டுக் காத்திருந்திருப்பேன்.